முதல் வாந்தி எத்தனை மணிக்கு?

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வழியாகப் போனால் நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். 2023 செப்டம்பர் 16, சனிக்கிழமையன்று, நாமக்கல்லின் பரமத்தி சாலையில் இருந்த ஓர் உணவகத்தில் ஷவர்மாவும் கோழி வகைகளும் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் என்று ஒருவர் பின் ஒருவராக உடம்பு படுத்தத் தொடங்கியது. 40 பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டிய மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலரே நோயாளிகளாகப் படுத்திருந்தார்கள். குடும்பத்தோடு அந்த உணவைச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி, 18ஆம் தேதி இறந்துபோனாள். மாவட்ட நிர்வாகம் ஷவர்மா விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

இப்படி ஒன்று நடந்தால் வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" என்பதுதான். அனுபவமுள்ள மருத்துவர் அதோடு இன்னொன்றையும் கேட்பார்: "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? முதல் வாந்தி எத்தனை மணிக்கு வந்தது?" சாப்பாட்டுக்கும் முதல் தொந்தரவுக்கும் இடைப்பட்ட அந்த நேரம், ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு வெகு முன்பே ஒரு பெரிய துப்பைக் கொடுத்துவிடுகிறது. நஞ்சு எங்கே உருவானது? பாத்திரத்திலேயா, குடலுக்குள் போன பிறகா? அல்லது நஞ்சு என்று தனியாக எதுவும் இல்லாமல், கிருமியே குடல் சுவருக்குள் புகுந்துவிட்டதா? மூன்றுக்கும் மூன்று விதமான நேரக்கணக்கு உண்டு. வாந்தியும் பேதியும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும், உள்ளே நடப்பவை வேறு வேறு.

பிடித்துக்கொள்ள ஓர் உதாரணம் வேண்டும். சங்ககிரிப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலில் கெடா விருந்து என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை விருந்துதான். ஆனால் அதன் நேர ஒழுங்கு இந்தப் பக்கத்து விருந்துகளைப் பார்த்தவர்களுக்குப் பழக்கமானது. விடியற்காலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுகிறார்கள். ஐந்து மணிக்குள் கறிக்குழம்பு கொதித்து இறங்கிவிடுகிறது. சோற்றை வடித்து, பாயில் துணி விரித்துக் குவித்துவைக்கிறார்கள். பூசை முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் வந்து சேர்ந்து, பந்தி போடும்போது மணி பன்னிரண்டரை. கடைசிப் பந்தி மூன்று மணிக்கு. அதாவது அடுப்பை விட்டு இறங்கியதற்கும் கடைசி இலைக்கும் நடுவே பத்து மணி நேரம்.

முதல் வகை, சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வருவது. வாந்திதான் இதில் முந்திக்கொள்ளும். பேதி பின்னால் வரலாம், வராமலும் இருக்கலாம். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்றால், கிருமி உள்ளே போய்ப் பெருகிக் கெடுதல் செய்ய நேரமே இருந்திருக்காது. நஞ்சு தயார்நிலையில் இலைக்கு வந்திருக்கிறது.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட நிகழ்ச்சி ஒன்று வானத்தில் நடந்தது. 1975 பிப்ரவரி 3ஆம் தேதி, டோக்கியோவிலிருந்து பாரிஸ் போகும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி எரிபொருளும் உணவும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. கோபன்ஹேகனை நெருங்கும்போது காலை உணவாகப் பன்றி இறைச்சித் துண்டு வைத்த ஆம்லெட் கொடுத்தார்கள். சிறிது நேரத்திலேயே வரிசை வரிசையாகப் பயணிகள் வாந்தி எடுத்தார்கள். 344 பயணிகள் இருந்த அந்த விமானத்தில் 190க்கும் மேற்பட்டோருக்கு உடம்பு கெட்டது. 143 பேரை மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தது. விமானிகள் அந்த ஆம்லெட்டைச் சாப்பிடாததால் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

விசாரணை போய் நின்ற இடம் ஒரு சமையற்காரரின் விரல். அவருடைய கை விரல்களில் சீழ்பிடித்த புண் இருந்தது. அந்தக் கையால்தான் இறைச்சித் துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறார். புண்ணில் இருந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நம்மில் பலருடைய மூக்குக்குள்ளும் தோலிலும் சாதாரணமாகவே வாழ்வது. அது இறைச்சிக்கு மாறியது மட்டும் இத்தனை பேரைப் படுக்கவைத்திருக்காது. தட்டுகள் சமையலறையில் சாதாரண வெப்பத்திலேயே சுமார் ஆறு மணி நேரம் கிடந்தன. பிறகு சுமார் 10 டிகிரியில், அதாவது போதிய குளிர் இல்லாத அறையில், இரவெல்லாம் இருந்தன. விமானத்திலும் பல மணி நேரம் குளிர்ப்பெட்டி இல்லை. கிருமி பெருகிப் பெருகி, தன் நஞ்சை இறைச்சிக்குள் விட்டுக்கொண்டே இருந்தது.

பரிமாறுவதற்கு முன்பு அந்த ஆம்லெட்டைச் சூடு பண்ணினார்கள். நம் வீடுகளிலும் விருந்துகளிலும் நடக்கும் தவறின் வேர் இங்கேதான் இருக்கிறது. சூடு கிருமியைக் கொல்லும். கிருமி விட்டுவைத்த நஞ்சை அது ஒன்றும் செய்வதில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸின் நஞ்சு ஒரு சிறிய, இறுக்கமாக மடிந்த புரதம். அரை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் வேலை செய்யும் அளவுக்கு மிஞ்சியிருக்கும். வயிற்றின் அமிலமும் செரிமான நொதிகளும்கூட அதை எளிதில் உடைப்பதில்லை. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான அளவே ஒருவருக்கு வாந்தி வரப் போதும். "நல்லா கொதிக்க வெச்சுட்டோமே, அப்புறம் எப்படி?" என்று சமையற்காரர் கேட்பது பொய்யான கேள்வி அல்ல. கொதிக்கவைத்தது உண்மை. கொதிக்கவைப்பதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது என்பதும் உண்மை.

இனி நம் விருந்தின் சோற்றுக் குவியலுக்கு வருவோம். அரிசியோடு மண்ணிலிருந்து வரும் விருந்தாளி பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. நெல் வயலில் இருப்பது. அரிசியில் இது இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளலாம். சூழல் பாதகமானால் இது தன்னைத் தடித்த கூட்டுக்குள் சுருட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டு நிலைக்கு ஸ்போர் என்று பெயர். உலை நீரில் பிற கிருமிகள் எல்லாம் செத்துப்போனாலும், ஸ்போர்களில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். அதுமட்டுமல்ல, அந்தச் சூடே அவற்றுக்கு எழுப்பு மணியாகவும் ஆகிவிடுகிறது. சோறு வெதுவெதுப்புக்கு இறங்கும்போது ஸ்போர் முளைத்துப் பெருகத் தொடங்கும். போட்டிக்கு வேறு கிருமி இல்லை. ஈரமும் மாவுச்சத்தும் ஏராளம்.

வெதுவெதுப்பில் ஒரு பாக்டீரியா சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது என்றால், ஆறு மணி நேரத்தில் பதினெட்டு முறை பிரியும். ஒன்று, இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். நான்கு பேர் குடும்பத்துக்கு வடித்த சோறு சீக்கிரம் ஆறிவிடும். விருந்துச் சோற்றின் குவியல் அப்படி ஆறாது. நடுவிலுள்ள சூடு வெளியேற எடுக்கும் நேரம், குவியலின் கனம் இரண்டு மடங்கானால் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மேலே தொட்டால் ஆறியிருக்கும். நடுவில் கைவிட்டால் மதியம்வரை இளஞ்சூடாக இருக்கும். அதைத்தான் "சூடு ஆறாம இருக்குது பாருங்க" என்று பெருமையாகச் சொல்கிறோம். 60 டிகிரிக்கு மேலான சூடு காக்கும். கை பொறுக்கும் இளஞ்சூடு வளர்க்கும்.

பேசில்லஸ் சீரியஸின் ஒரு வகை செரியுலைடு என்ற நஞ்சைச் செய்கிறது. ஸ்டாஃபிலோகாக்கஸின் நஞ்சைவிட இது பிடிவாதமானது. பிரஷர் குக்கரின் உள்வெப்பமான 120 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழிவதில்லை. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சீன உணவகங்களில் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்குத் திடீர் வாந்தி வந்தபோதுதான் இது கவனத்துக்கு வந்தது. வடித்த சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாகி வறுக்கும்போது உதிராது என்று, இரவெல்லாம் வெளியிலேயே வைத்திருந்து மறுநாள் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்று சேலம், ஈரோடு சாலை ஓரத் தள்ளுவண்டிகளில் ஃபிரைடு ரைஸ் போடும் தம்பிகளும் காலையில் வடித்த சோற்றைத்தான் இரவு வாணலியில் போடுகிறார்கள் என்றால், அந்தப் பெருந்தீயைப் பார்த்து நாம் ஏமாறக் கூடாது. நஞ்சு இருந்தால் அந்தத் தீயையும் தாண்டி வரும்.

அப்படியானால் பழைய சோறு? ராத்திரி முழுக்க வெளியில்தானே இருக்கிறது? நியாயமான கேள்வி. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றுகிறோம். அந்த நொடியிலேயே சூடு சட்டென்று இறங்குகிறது. பிறகு அந்த நீரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, விடிவதற்குள் புளிப்பேற்றுகின்றன. புளிப்பில் பேசில்லஸ் சீரியஸ் தழைப்பதில்லை. இளஞ்சூட்டில் தண்ணீர் இல்லாமல் கிடக்கும் சோற்றுக் குவியலுக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது. உடனே சுத்தமான தண்ணீர் ஊற்றிய சிறு பானையும், விருந்துப் பாயில் கிடக்கும் சோறும் ஒரே பொருள் அல்ல.

நஞ்சு வயிற்றுக்குள் போனதும் என்ன ஆகிறது? ஸ்டாஃபிலோகாக்கஸ் நஞ்சானாலும் செரியுலைடானாலும், தேடிப்போகும் இலக்கு நரம்புதான். மூளையிலிருந்து வயிறுவரை நீண்டுவரும் வேகஸ் நரம்பின் நுனிகள் இரைப்பை, சிறுகுடல் சுவர்களில் விரிந்திருக்கின்றன. உடம்பில் உள்ள செரட்டோனினில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடல் சுவரில்தான் இருக்கிறது. நஞ்சு அந்தச் செரட்டோனினைக் கட்டவிழ்க்கவோ, நரம்பு நுனியின் செரட்டோனின் வாங்கியைத் தூண்டவோ செய்கிறது. செய்தி வேகஸ் வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கே வாந்தியை நடத்தும் நரம்புச் சுற்று விழித்துக்கொள்கிறது.

அதன் பிறகு நடப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனால் ஒழுங்கில்லாததும் அல்ல. முதலில் வாயில் எச்சில் ஊறிக்கொட்டும். மேலே வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காப்பாற்ற உடம்பு போடும் பாதுகாப்பு அது. முகம் வெளிறும், வேர்க்கும். பிறகு சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து ஓர் அலை தலைகீழாகக் கிளம்பி, உள்ளே இருப்பதை இரைப்பைக்குத் திருப்பித் தள்ளும். நாலைந்து வாந்திக்குப் பிறகு பச்சையும் மஞ்சளுமாகக் கசந்து வருகிறதே, அது இப்படி மேலே ஏறிய பித்தநீர். அதற்கப்புறம் உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. இரைப்பை தானாகப் பிழிந்து வெளியே தள்ளுவதில்லை. சுற்றியுள்ள தசைகள் பற்பசைக் குழாயை அமுக்குவதுபோல அதை அமுக்குகின்றன. மூச்சுக்குழலின் வாய் அந்த நொடியில் மூடிக்கொள்கிறது. மருத்துவமனையில் போடும் ஆன்டான்செட்ரான் ஊசி, நரம்பு நுனியில் செரட்டோனின் உட்காரும் இடத்தை அடைத்து இந்தச் செய்தியைப் பாதியில் நிறுத்துகிறது.

இந்த வகை சாதாரணமாக ஒரு நாளுக்குள் ஓய்ந்துவிடும். இங்கே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் பயன் இல்லை. கொல்வதற்குக் கிருமி இல்லையே, நஞ்சுதானே இருக்கிறது.

இப்போது நம் கெடா விருந்தின் குழம்பு அண்டாவைப் பார்ப்போம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர் சாயங்காலம்வரை நன்றாக இருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்கு வயிறு முறுக்கி எழுப்புகிறது. தண்ணீராகப் போகிறது. ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் ராத்திரிக்குள் சரியாகிவிடுகிறது. இது எட்டு மணியிலிருந்து பதினாறு மணி நேரத்துக்குள் வரும் இரண்டாம் வகை. பெரிய அண்டாவில் சமைத்த கறிக்குழம்போடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் முதலில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் மீது விழும்.

இதுவும் ஸ்போர் செய்யும் பாக்டீரியா. ஆட்டின் குடலிலும் மண்ணிலும் இருப்பது, கறியோடு வருகிறது. காற்று இருந்தால் இதற்கு ஆகாது. கொதிக்கும் குழம்பிலிருந்து கரைந்த காற்று வெளியேறிவிடுகிறது. அண்டாவின் அடியில் காற்றில்லாத, கொழுப்பும் புரதமும் நிறைந்த ஓர் இடத்தை நாமே அமைத்துக் கொடுக்கிறோம். 45 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் இது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெருகக்கூடியது. நமக்குத் தெரிந்த மிக வேகமான வளர்ச்சிகளில் இது ஒன்று. ஐந்து மணிக்கு இறக்கிய குழம்பு பத்து மணிக்கு அந்த இளஞ்சூட்டில் இருந்தால், பந்தி போடும்போது ஒவ்வொரு கரண்டியிலும் கோடிக்கணக்கில் இருக்கும். நாற்றம் இருக்காது. சுவை மாறியிருக்காது. "கெட்டுப்போன வாசனை வரலியே" என்பது கெட்டுப்போகவில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

இந்தக் கிருமிகளில் பல இரைப்பை அமிலத்தில் அழியும். மிஞ்சியவை சிறுகுடலுக்குப் போய் மறுபடி ஸ்போராகச் சுருளும். அப்படிச் சுருளும்போதுதான் நஞ்சை வெளியே விடுகின்றன. சாப்பிட்டதற்கும் பேதிக்கும் நடுவே இத்தனை மணி நேரம் ஆனதற்குக் காரணம் அதுதான். அந்த நஞ்சு குடல் செல்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. குடலின் வேலை நீரை உள்ளே இழுப்பது. இப்போது அது ஓட்டைச் சுவராகி, நீரைக் குடல் குழாய்க்குள் விட்டுவிடுகிறது.

முதல் வகைக்கும் இதற்கும் ஒரு நல்ல வேறுபாடு உண்டு. இங்கே பந்தி போடும் நேரத்தில் பாத்திரத்தில் நஞ்சு இன்னும் உருவாகவில்லை, உயிருள்ள கிருமிதான் இருக்கிறது. ஆகவே குழம்பைப் பரிமாறும் முன் தளதளவென்று கொதிக்கவிட்டால் தப்பிக்கலாம். சோற்றுக்குப் பயன்படாத மறுசூடு குழம்புக்குப் பயன்படுகிறது. அண்டாவின் நடுவரை கொதி வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஓரத்தில் எழும் குமிழியைப் பார்த்து இறக்கிவிடக் கூடாது. அதைவிட நல்லது, குழம்பைச் சிறு பாத்திரங்களில் மாற்றி, அடுப்பிலிருந்து இறக்காமல் கனன்ற சூட்டில் வைத்திருப்பது.

நாமக்கல்லில் நோயாளிகளுக்கு வாந்தி பேதியோடு காய்ச்சலும் இருந்தது. காய்ச்சல் வந்தால் கணக்கு மூன்றாம் வகைக்கு நகர்கிறது. சால்மொனெல்லா, ஷிகெல்லா போன்ற கிருமிகள் குடல் சுவருக்குள் நுழைந்து, உடம்பின் காவல் படையோடு மோதும்போது வரும் சூடு அது. சால்மொனெல்லாவுக்கு ஆறு மணியிலிருந்து மூன்று நாள்வரை ஆகலாம். ஷிகெல்லாவுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள். ஷிகெல்லா நூறுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரும். உணவில் பெருகக்கூட அதற்கு அவசியமில்லை, கழுவாத கை ஒன்று போதும்.

நாமக்கல்லுக்குச் சுமார் பதினாறு மாதம் முன்பு, 2022 மே முதல் நாள், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். பல மாணவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். அங்கே நோயாளிகளிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. கடையில் எடுத்த கோழி ஷவர்மா மாதிரியில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் இருந்தன. ஷவர்மா அடுக்கின் அமைப்பே கவனம் கேட்பது. வெளித்தோலில்தான் தீ படுகிறது. நடுவிலுள்ள இறைச்சி மணிக்கணக்கில் வெதுவெதுப்பிலேயே சுற்றுகிறது. கூட்டம் சேர்ந்துவிட்டால் வெளியடுக்கு வேகும் முன்பே சீவ வேண்டிய அவசரம் வருகிறது. சீவிய இறைச்சியை மறுபடி ஒரு வாணலியில் போட்டு முழுக்க வேகவைத்துக் கொடுக்கும் கடைக்கும், அப்படியே ரொட்டியில் சுருட்டும் கடைக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. அதோடு சேரும் மயோனைஸ், வேகாத முட்டையில் எண்ணெயை அடித்துச் செய்வது. நாமக்கல் முட்டையின் ஊர். நல்ல முட்டையும் வேகாதவரை சால்மொனெல்லாவுக்கு இடம் கொடுக்கலாம். தமிழக அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது இதை வைத்துத்தான்.

எந்த வகையானாலும் ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் நீரிழப்பு. ஒரு பெரியவரின் குடலுக்குள் தினமும் எட்டு ஒன்பது லிட்டர் நீர் வருகிறது. நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து இரண்டு லிட்டர். மீதியெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரப்பு என்று உடம்பே ஊற்றுவது. அதில் கால் லிட்டர்கூட மலத்தில் போகாமல் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சுவது கொஞ்சம் தடுமாறினாலும் லிட்டர் கணக்கில் வெளியேறும். 10 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழப்பது உயிருக்கு ஆபத்தான நிலை. அதே ஒரு லிட்டரை 60 கிலோ ஆள் தாகத்தோடு தாங்கிக்கொள்வார். கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை துவண்டு கிடப்பது, இவை தென்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், எதைக் கொடுத்தாலும் நிற்காத வாந்தி ஆகியவற்றுக்கும் அப்படித்தான்.

இவ்வளவு நீரைத் திருப்பிக் கொடுக்க ஓர் எளிய வழி இருப்பதற்குக் காரணம், குடலின் ஒரு கதவு நஞ்சினால் சாத்தப்படாமல் இருப்பது. சிறுகுடல் செல்லில் ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றதை அது ஏற்காது. இரண்டும் போனால் நீர் பின்தொடர்ந்து போகும். வெறும் தண்ணீர் அந்தக் கதவைத் திறக்காது. சர்க்கரை மிகுந்த குளிர்பானம் குடலுக்குள் இன்னும் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில், காலராவால் தரையெல்லாம் நோயாளிகள் கிடக்க, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் வைத்து உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம்வரை இருந்த இறப்பு, அவருடைய முகாமில் 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அதன் வாரிசு. ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், இவற்றோடு பொட்டாசியமும் சிட்ரேட்டும். பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று இருந்தால் ஒரு லிட்டரில்தான் முழுவதையும் கரைக்கவேண்டும். அரைத் தம்ளரில் கரைத்தால் உப்பு கூடிக் கெடுதல் ஆகும்.

"குடிச்சதும் வாந்தி எடுத்துருதுங்க" என்பது தாய்மார்கள் சொல்லும் சரியான புகார். அப்போது பத்து நிமிடம் விட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். தம்ளரோடு கொடுக்கும்போது இரைப்பை விரிந்து மறுபடி நரம்பைத் தூண்டுகிறது. கரண்டியாகக் கொடுக்கும்போது ஒவ்வொரு வாயும் சத்தமில்லாமல் குடலுக்குள் இறங்கிவிடுகிறது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குத் தரவே கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பெரியவரும் எடுக்கக் கூடாது. வெளியேற வேண்டியதை உள்ளேயே அடைத்துவைப்பது ஆகிவிடும்.

விருந்துக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்கு இப்படி ஆனால், எந்தப் பண்டம் என்று கண்டுபிடிப்பது எண்ணிக்கைக் கணக்கு. நம் கற்பனை விருந்தில் 120 பேர் என்று வைப்போம். குழம்பு ஊற்றிக்கொண்ட 80 பேரில் 48 பேருக்குப் பேதி. குழம்பு வேண்டாம் என்று ரசம், தயிரோடு எழுந்த 40 பேரில் இருவருக்கு மட்டும். நூற்றுக்கு அறுபதும் நூற்றுக்கு ஐந்தும். சோற்றுக்கு இதே கணக்கைப் போட்டால் இவ்வளவு இடைவெளி வராது, ஏனென்றால் ஏறக்குறைய எல்லோருமே சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். நோயாளிகளிடம் மட்டும் கேட்டால் எல்லோரும் "சோறு, குழம்பு ரெண்டுமே சாப்பிட்டேன்" என்பார்கள். நோய் வராதவர்களிடம் போய் "நீங்க எதை விட்டீங்க?" என்று கேட்டால்தான் பதில் திறக்கும். அந்த 48 பேரில் பெரும்பாலோருக்கு ராத்திரி பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் தொடங்கியது என்றால், நேரமும் எண்ணிக்கையும் ஒரே அண்டாவைக் காட்டுகின்றன.

உறுதி செய்ய அந்த அண்டாவில் மிச்சம் வேண்டும். இங்கேதான் பெரும்பாலான விசாரணைகள் தோற்கின்றன. சேதி பரவியதும் வெட்கமும் பயமும் சேர்ந்து, மிச்சமான குழம்பைக் கொட்டி, பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிடுகிறார்கள். மாத்திரை போட்டுக்கொண்டு வரும் நோயாளியின் மலத்திலும் கிருமி பிடிபடுவது குறைந்துவிடுகிறது. பந்தி முடிந்ததும் ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு கைப்பிடியைச் சுத்தமான மூடிய டப்பாவில் போட்டு, எந்த நேரத்தில் இறக்கியது என்று எழுதி, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் போதும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து கேட்கும்போது நீட்ட ஒரு டப்பா இருக்கும். மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்ய ஒரு பெயர் கிடைக்கும்.